படக்காட்சி தரும் சூழலும் பாட்டெழுதுபவரின் சுதந்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டெழுதிப் பழகுகிறவர்களோடு உட்காரும்போதெல்லாம் சூழலைப் பற்றிய சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே காட்சியை வைத்துப் பதில் சொல்லியிருப்பதால் முதல் பதிலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

சிச்சுவேஷன்னா இயக்குநர் சொல்ற கதைதானே? அதுல தனியா என்ன இருக்கு?

கதை படம் முழுக்க ஓடுவது. சூழல் பாட்டு ஓடும் நாலு நிமிடத்துக்கு மட்டும் உரியது. அந்த நாலு நிமிடத்தில் பாடுவது யார், அது யார் காதில் விழுகிறது, பாடுகிறவருக்கு என்ன தெரியும், கேட்கிறவருக்கு என்ன தெரியாது, படம் பார்க்கிறவருக்கு எவ்வளவு தெரியும், பாட்டு முடிந்ததும் என்ன நடக்கப் போகிறது என்பவை எல்லாம் சேர்ந்துதான் சூழல். இயக்குநர் அரை மணி நேரம் கதை சொல்வார். அதில் பாட்டுக்குத் தேவையானது ஐந்தாறு வாக்கியம்தான் இருக்கும். அந்த ஐந்தாறைப் பிரித்தெடுப்பது உங்கள் வேலை.

இனி வரும் பதில்களுக்கு ஒரு காட்சியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தனார். மனைவி இல்லை, ஒரே மகள். தன் கையால் கட்டிய சின்ன வீட்டை மகள் கல்யாணத்துக்காக விற்றுவிட்டார். அது அவளுக்குத் தெரியாது. காலையில் கோயிலில் முகூர்த்தம். மதியம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முந்தின இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அவர் வீட்டுக்குள் நடக்கிறார். பாட்டின் பாதியில் மகள் விழித்து வந்து, தன்னைப் பிரிவதற்குத்தான் அப்பா கலங்குகிறார் என்று நினைத்துக்கொள்கிறாள். வீடு விற்ற செய்தி நாலு காட்சி கழித்துத்தான் அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு சொல்லிட்டா அப்புறம் எழுதுறவனுக்கு என்ன மிச்சம்? எதெல்லாம் கையை விட்டுப் போகுது?

முதலில் போவது ‘நான்’. இங்கே ‘நான்’ என்றால் அந்தக் கொத்தனார். அவருக்குத் தெரியாத எதையும் பாட்டு சொல்ல முடியாது. மகளின் எதிர்காலம் எப்படி இருக்கும், வாங்கியவர் வீட்டை என்ன செய்வார் என்பதெல்லாம் இயக்குநர் உங்களிடம் சொல்லியிருந்தாலும் அவர் வாயில் வரக் கூடாது. முழுக் கதையும் கேட்டுவிட்டு எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். மூன்றாம் ரீலில் நடக்கப் போவதை முதல் ரீலில் இருப்பவர் வாயில் வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, உணர்ச்சியின் அளவு. கதையில் இதைவிடப் பெரிய அழுகை பின்னால் இருக்கிறது, செய்தி தெரிந்து மகள் உடைகிற இடம். இந்தப் பாட்டிலேயே அப்பா முழுக்க அழுது தீர்த்துவிட்டால் அந்தக் காட்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே இந்தப் பாட்டில் துக்கம் முக்கால் அளவுதான் நிறையலாம். எவ்வளவு என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். “இதற்குப் பிறகு இவர் எங்கே அழுகிறார்?” என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, இரகசியம். பாட்டின் இரண்டாம் பாதியில் மகள் பக்கத்தில் இருக்கிறாள். வீடு கைமாறியது எந்தச் சொல்லிலும் அவளுக்கு வெளிப்படக் கூடாது. ஆனால் அதைத் தெரிந்து வைத்திருக்கிற பார்வையாளருக்கு ஒவ்வொரு சொல்லிலும் கேட்க வேண்டும். இது கடினமான நிபந்தனை. இந்தப் பாட்டின் நல்ல வரிகள் எல்லாம் இதிலிருந்துதான் கிடைக்கப் போகின்றன.

நடந்ததைப் பாட்டுல சொன்னா ஜனங்களுக்கு இன்னும் நல்லாப் புரியுமே, அதுல என்ன தப்பு?

பாட்டு தொடங்கும்போதே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டதை இரண்டு காட்சிக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். பழகும்போது ஒருவர் இந்தக் காட்சிக்கு இப்படிப் பல்லவி எழுதினார்: “விற்ற மனையில் வேகும் நெஞ்சே”. ஓசை சரியாக உட்கார்கிறது, மோனையும் இருக்கிறது. ஆனால் இந்த வரியால் பார்வையாளருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. வசனம் சொன்னதை மெட்டில் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். மகள் காதில் விழுந்தால் கதையே கவிழ்ந்துவிடும் என்பது வேறு.

நான் பின்பற்றும் வழி இது. காட்சியை வசனமாக ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வேன்: “வீட்டை விற்றுவிட்டேன், மகளும் போகிறாள்.” அதில் வரும் விற்பது, போவது, பிரிவது, கல்யாணம் போன்ற சொற்களைத் தனியாகக் குறித்து, பாட்டில் அவை வரக் கூடாது என்று வைத்துக்கொள்வேன். பிறகு ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடும், பரவாயில்லை. முதல் அரை மணி நேரம் அவற்றைத் தள்ளிவைத்தாலே கை வேறு பக்கம் தேடத் தொடங்கிவிடும்.

சூழல் ஒரு பக்கம் கட்டுது, மெட்டு இன்னொரு பக்கம் கட்டுது. இரண்டுக்கும் நடுவுல எங்கேருந்து தொடங்குறது?

யாரிடம் பேசுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். இயக்குநர் “அப்பா தனியாக நடக்கிறார்” என்று மட்டும்தான் சொன்னார். தனியாக இருப்பவர் தனக்குத்தானே பாடலாம், இறந்துபோன மனைவியிடம் பாடலாம், தூங்கும் மகளைப் பார்த்துப் பாடலாம், கடவுளிடம் முறையிடலாம். நம் கொத்தனார் வீட்டிடமே பேசட்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த முடிவைச் சூழல் நமக்குக் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பாட்டெழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடத்திலேயே பெரிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

இசையமைப்பாளர் கொடுத்த தத்தகாரம் “தான தனனா தானா தானா” என்று வைத்துக்கொள்வோம். பல்லவியில் ஒவ்வொரு வரியின் கடைசி ‘னா’வும் நன்றாக நீண்டு நிற்கிறது. வீட்டை ‘நீ’ என்று விளித்து அதில் உட்காரவைத்தால்:

நாளை முதலே நீ யார் வீடோ
காலை வரையே காவல் நானோ

‘நீ’ என்பது வீடு. நாளை முதல் நீ யாருடைய வீடாகப் போகிறாய் என்று கேட்கிறார். தூக்கம் கலைந்து வரும் மகளுக்கோ அந்த ‘நீ’ தன்னைக் குறிப்பதாகத் தெரியும். நாளை முதல் நீ யார் வீட்டுப் பெண் என்று அப்பா கேட்பதாக நினைத்துக்கொள்வாள். ‘காவல்’ என்பதும் அப்படித்தான். கட்டியவர் கடைசி இரவில் காவல்காரராக நிற்கிறார். மகளுக்கு அது அப்பாவின் காவல். இரகசியமும் காப்பாற்றப்பட்டது, வரியும் கிடைத்தது.

நீளும் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். அங்கே நெடில் வேண்டும் என்பது மெட்டின் கட்டளை. எந்த நெடில் என்பது நம் விருப்பம். ‘வீடா’ என்று போட்டால் யாரோ எதிரே நின்று பதில் சொல்வார்கள் என்பதுபோல இருக்கும். ‘வீடோ’ என்றால் பதிலை எதிர்பார்க்காத கேள்வி, கொஞ்சம் புலம்பல். பாதி ராத்திரியில் தனியாக நிற்பவருக்கு ஓகாரம்தான் பொருத்தம். ‘வீடே’ என்று முடித்தால் வீட்டைக் கூப்பிடுவது அப்பட்டமாகி, மகளுக்கு அது தன்னைக் குறிப்பதாகத் தோன்றாது. ஒரே ஓர் உயிரெழுத்து சூழலைக் கெடுத்துவிடும்.

பாத்திரம் அதிகம் படிக்காதவர்னா நல்ல தமிழ்ல எழுதக் கூடாதா? எல்லாத்தையும் பேச்சு வழக்குலதான் எழுதணுமா?

பேச்சு வழக்கா, எழுத்து வழக்கா என்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. மேலே உள்ள பல்லவி எழுத்துத் தமிழ்தான். ஆனாலும் அவர் வாயில் ஒட்டுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் அவர் நினைக்கக்கூடிய சொல். அதே மெட்டுக்கு இன்னொரு வரியும் எழுதிப் பார்த்திருக்கிறேன்: “தாளை விடவே தாளா நெஞ்சோ”. தாழ்ப்பாளை விட்டு வர நெஞ்சு தாளவில்லை என்று பொருள். சிலேடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் எழுதியவரின் சாமர்த்தியம் நினைவுக்கு வருகிறது, கொத்தனார் மறைந்துபோகிறார். அதை அடித்துவிட்டேன்.

படிக்காதவர் என்பதாலேயே அவருக்கு உவமை வராது என்று நினைப்பதும் தவறு. அவருடைய உவமை அவர் தொழிலிலிருந்து வரும். சிமெண்டுப் பூச்சு பூசிய பிறகு ஒரு வாரமாவது தினமும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும், பலம் ஏறாது. இது ஒவ்வொரு கொத்தனாருக்கும் தெரியும். அதை எடுத்தால்:

நீரைத் தரவே காரை தேறும்
நானும் அழவே தேற லாமோ

ஈரம் பட்டால் காரை உறுதியாகிறது, அழுதால் நானும் தேறுவேனா என்கிறார். வேறு யாரும் இந்த வரியைப் பாட முடியாது. ‘தேறுதல்’ என்ற சொல் சுவருக்கும் மனசுக்கும் பொதுவாக ஏற்கெனவே தமிழில் இருக்கிறது, நாம் அதைக் கண்டெடுத்ததோடு சரி. அழுகையின் அளவும் கட்டுக்குள் நிற்கிறது. “அழலாமா?” என்று கேட்கிறவர் இன்னும் அழவில்லை.

காட்சியில இல்லாத ஒரு பொருளையோ சம்பவத்தையோ பாட்டுல நான் கொண்டு வரலாமா? இயக்குநர் கோவிச்சுக்க மாட்டாரா?

தாராளமாகக் கொண்டு வரலாம். காட்சிக்கு முரணாக இருக்கக் கூடாது, காட்சியில் ஏற்கெனவே இருந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. முதல் சரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது இது: வீடு கட்டும்போது மகள் குழந்தை. தளம் போட்டு ஈரம் காயும் முன் ஓடிவந்து மிதித்துவிட்டாள். கால் தடம் பதிந்துவிட்டது. மட்டப்பலகை கையில் இருந்தும் அப்பா அதை இழுத்துச் சமன் செய்யவில்லை.

ஈரத் தரையில் பாதம் வைத்தாள்
பூச மனமா? பார்த்தே நின்றேன்

இது கதையில் இல்லை. ஆனால் கொத்தனார் வீட்டில் நடக்கக்கூடியதுதான். இதைப் படித்ததும் நல்ல இயக்குநர் செய்யும் முதல் காரியம், தரையில் ஒரு சின்னக் கால் தடம் செய்யச் சொல்லிக் கலை இயக்குநரைக் கூப்பிடுவது. பாட்டிலிருந்து காட்சிக்குப் பொருள் போகும் வழி இது. மகள் எங்கே போனாலும் இந்தத் தடம் வீட்டோடு தங்கிவிடும். வீடு கைமாறினால் தடமும் கைமாறும். அந்த இரண்டு துயரத்தையும் பாட்டில் தனியாக விளக்க வேண்டாம், தடத்தின் மேல் அவர் கால் படாமல் சுற்றிப் போவதைக் காட்டினால் போதும்.

இங்கே ‘வைத்தாய்’ என்று எழுதாமல் ‘வைத்தாள்’ என்று எழுதியதையும் பாருங்கள். ‘நீ’ பல்லவியிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. சரணத்தில் திடீரென்று மகள் ‘நீ’ ஆனால் அவர் யாரிடம் பேசுகிறார் என்பது குழம்பும். அவள் இன்னும் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாள்?

மகள் பாடுற இடத்துல அவளுக்கு ஒண்ணுமே தெரியாதே. அவளுக்கு என்னத்தை எழுதுறது?

தெரியாததுதான் அவளுடைய பலம். அவள் சாதாரணமாக ஆறுதல் சொல்லட்டும்:

போகும் இடமும் தூரம் இல்லை
வாரம் ஒருநாள் இங்கே நிற்பேன்

உவமை இல்லை, அழகுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அரங்கில் கனக்கப் போகிற சொல் ‘இங்கே’. நாளை மதியத்துக்குப் பிறகு ‘இங்கே’ என்று ஒன்று கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. சூழல் இவ்வளவு கனமாக இருக்கும்போது சொல் இலேசாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கவித்துவமாக எழுத முயன்ற எல்லா வரியும் இந்த வரியைவிட மெலிந்ததாகவே எனக்குத் தோன்றியது. அடுத்து அப்பா பல்லவியைத் திரும்பப் பாடும்போது, வார்த்தை மாறாமலே பொருள் இரண்டாகியிருக்கும்.

யாரும் வாயசைக்காம பின்னணியில ஓடுற பாட்டுன்னா இந்தக் கட்டெல்லாம் இல்லைதானே?

கொஞ்சம் தளரும், அறுந்துவிடாது. உதட்டசைவு இல்லாததால் பாத்திரத்தின் பேச்சு நடையிலிருந்து விலகலாம். நாள்கள், மாதங்கள் ஓடிப்போவதைக் காட்டும் மாண்டாஜ் என்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் யாருடையது என்று நீங்கள் முடிவு செய்துதான் ஆக வேண்டும். அப்பாவின் மனக்குரலா, ஊர் பேசுகிறதா, கதை சொல்லியா? நம் காட்சியையே பின்னணிப் பாட்டாக்கினால், மகள் அதைக் கேட்க மாட்டாள். அப்போது இரகசியத்தைக் காக்கும் அவசியமும் போய்விடும். ‘நீ யார் வீடோ’ வரியின் இரண்டாம் பொருளுக்கு வேலை இருக்காது. கட்டு போனதும் வரியும் சேர்ந்து மெலிகிறது என்பதை இதில் நேராகப் பார்க்கலாம்.

குத்துப்பாட்டுக்கு, ஹீரோ அறிமுகப் பாட்டுக்கெல்லாம் சிச்சுவேஷனே இல்லையே?

மெலிதான சூழல் இருக்கும்: யார் ஆடுகிறார், யார் சுற்றி நிற்கிறார், அவர்களுக்குள் என்ன உறவு என்பதோடு சரி. அங்கே சுதந்திரம் அதிகம் என்று தோன்றும். எனக்கு அந்த மாதிரிப் பாட்டுதான் எழுதக் கடினம். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் ஏற்கெனவே கேட்ட சொற்களே வந்து விழும்.

சூழலுக்குப் பாட்டு எழுதறதெல்லாம் சினிமா வந்தப்புறம் வந்த பழக்கம், உண்மையான கவிஞன் அப்படி எழுத மாட்டான்னு சொல்றாங்களே?

தமிழில் அப்படிச் சொல்ல வழியே இல்லை. சங்க அகப்பாடல்கள் முழுக்கச் சூழலுக்கு எழுதியவைதான். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பேசுபவர் யார் என்பதும், யாரிடம் எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதும் துறையாக வகுக்கப்பட்டிருந்தன. ‘பிரிந்தவழித் தலைவி தோழிக்கு உரைத்தது’ என்ற மாதிரிக் குறிப்புகளைக் குறுந்தொகைப் பாட்டுகளின் கீழே இன்றும் படிக்கிறோம்.

நம் காட்சிக்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஐங்குறுநூற்றில் பாலைத் திணைக்குரிய நூறு பாட்டுகளையும் பாடியவர் ஓதலாந்தையார். அதில் ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ என்று ஒரு பகுதி, 371 முதல் 380 வரை. மகள் காதலனோடு போய்விட்டாள், தாய் வீட்டில் வருந்துகிறாள். சூழல் ஒன்று, கவிஞர் ஒருவர், பாட்டு பத்து. ஒன்றில் தாய் மகள் விளையாடிய பாவையையும் அவள் கிளியையும் பார்க்கிறாள். இன்னொன்றில் பந்தையும் பாவையையும் கழங்கையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனாள் என்கிறாள். ஒவ்வொன்றும் ஐந்தாறு அடிகளுக்குள் முடிந்துவிடும். சூழல் கவிஞரை உண்மையிலேயே கட்டிப்போடும் என்றால் இரண்டாவது பாட்டிலேயே சரக்கு தீர்ந்திருக்கும். எழுதப் பழகுகிறவர்கள் இந்தப் பத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும், பிறகு தங்கள் காட்சிக்கு மூன்று பல்லவியாவது எழுதிப் பார்க்க வேண்டும்.

படம் பார்க்காதவங்க பாட்டை மட்டும் தனியா கேட்பாங்களே. சூழலுக்குள்ளயே எழுதினா அவங்களுக்கு எப்படிப் புரியும்?

சூழலின் உணர்வை வரியில் வையுங்கள், சூழலின் தகவலை வெளியே விடுங்கள். அகப்பாட்டில் வரும் மக்களுக்கு இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் வந்தால் அது ஒருவருடைய கதையாகிவிடும், இல்லாவிட்டால் யாரும் தன் கதையாக எடுத்துக்கொள்ளலாம். திரைப்பாட்டுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. நம் பல்லவியில் கொத்தனார் இல்லை, பத்திரம் இல்லை, மகளின் பெயர் இல்லை. வீட்டையோ ஊரையோ விட்டுக் கிளம்புகிற யாருக்கும் “நாளை முதலே நீ யார் வீடோ” பொருந்தும்.

சரணத்தில் கொஞ்சம் தகவல் இருக்கலாம். ஈரத் தரையும் கால் தடமும் தகவல்தான், ஆனால் படம் பார்க்காதவரும் அதைக் கண்ணால் பார்த்துவிடுவார். நாலு காட்சிக்கு முன் பார்த்த ஏதோ ஒன்று நினைவில் இருந்தால்தான் புரியும் என்கிற வரிதான் தனியாக ஒலிக்கும்போது செத்துப்போகும்.

எழுதி முடிச்சப்புறம் காட்சியை மாத்திட்டாங்க. இல்லேன்னா சரணத்தையே வெட்டிட்டாங்க. அப்போ என்ன செய்யறது?

இரண்டும் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் பாட்டு முதலில் பதிவாகிறது, படப்பிடிப்பு பிறகு, படத்தொகுப்பு அதற்கும் பிறகு. எனவே சூழலைக் கேட்கும்போதே “இதில் எது மாறாது?” என்று ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாறாததைப் பல்லவியிலும் முதல் சரணத்திலும் வையுங்கள். மாறக்கூடியது இரண்டாம் சரணத்துக்குப் போகட்டும், கத்தரி முதலில் விழுவதும் அங்கேதான். நம் பாட்டில் இரண்டாம் சரணம் போய்விட்டால் மகள் பாடுவது போய்விடும். ஆனால் முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போது அவள் வந்து நின்றால் போதும், இரட்டைப் பொருள் பிழைத்துக்கொள்ளும்.

சூழலே மாறினால் ஒவ்வொரு வரியாகச் சோதிக்க வேண்டும். மகளுக்கு வீடு விற்றது முன்பே தெரியும் என்று இயக்குநர் மாற்றிவிட்டார் என்று வையுங்கள். ‘வாரம் ஒருநாள் இங்கே நிற்பேன்’ என்ன ஆகும்? தெரிந்தும் தெரியாததுபோல அப்பாவுக்காக அவள் நடிக்கிறாள் என்றால் வரி அப்படியே இருக்கலாம், முன்பைவிட ஆழமாகவே கேட்கும். அவள் நேராகப் பேசுகிறாள் என்றால் அந்த வரியை எடுத்தே ஆக வேண்டும். எனவே திருத்தத் தொடங்கும் முன் “அவள் நடிக்கிறாளா?” என்று கேளுங்கள். அது தெரியாமல் திருத்தினால் இருமுறை திருத்த வேண்டி வரும்.

நான் எழுதின வரி சூழலை விட்டு வெளியே போயிடுச்சான்னு எனக்கே எப்படித் தெரியும்?

அந்த வரியை மெட்டில்லாமல், வசனமாக, அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் நின்று சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். “நீரைத் தரவே காரை தேறும்” என்பதைக் கொத்தனார் பேசிப் பார்க்கலாம், நம்பும்படி இருக்கிறது. “தாளை விடவே தாளா நெஞ்சோ” பேச முடியவில்லை.

அடுத்து அதே வரியை வேறொரு படத்தின் பிரிவுக் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். பல்லவி அங்கேயும் கொஞ்சம் பொருந்தலாம், முன்பு சொன்னபடி அது நல்லதுதான். ஆனால் சரண வரிகள் எல்லாமே அங்கே எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்ந்தால், நீங்கள் சூழலுக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். எல்லை தாண்டுவது ஒரு வகைத் தவறு, வாசலிலேயே நின்றுவிடுவது இன்னொரு வகை. நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதை.

சமூகத்தைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதை இந்த மாதிரிப் பாட்டுக்குள்ள நுழைக்க முடியுமா?

அந்தக் கருத்து பாடுகிறவருக்கும் சொந்தமானதாக இருந்தால் முடியும். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருக்கு ஒரு வீடு நிலைக்கவில்லையே என்பது உங்கள் கருத்து என்று வையுங்கள். அது இந்த மனிதரின் சொந்த வாழ்க்கை. வெளியிலிருந்து சொன்னால் மேடைப்பேச்சாகிவிடும், அவர் கையிலிருந்து வந்தால் பாட்டாகும்:

ஊரார் சுவரும் என்கை ஈரம்
ஓரம் எனக்கோர் திண்ணை ஏது

எங்கே வைப்பது என்பதுதான் இதில் சிக்கல். இரண்டாம் அடி இரகசியத்தை உடைக்கிறது, “எனக்கு இனி வீடில்லை” என்றுதான் அதற்குப் பொருள். மகள் வந்த பிறகு இதைப் பாடினால் அவள் நிமிர்ந்து பார்த்து “ஏம்ப்பா, இந்த வீட்டுக்கு என்ன?” என்று கேட்காமல் இருக்க மாட்டாள். எனவே இது முதல் சரணத்துக்குத்தான் போக முடியும், அதுவும் கால் தடம் வரும் முன்பே. தடம் வந்துவிட்டால் அவர் மனசு மகள் பக்கம் திரும்பிவிடும், அதற்குப் பிறகு தன் திண்ணையைப் பற்றி நினைக்கிற அப்பா இல்லை அவர். இந்த இரண்டடியை முதலிலும், காரை வரிகளை நடுவிலும், கால் தடத்தைக் கடைசியிலும் வைத்தால் சரணம் ஒழுங்காக நடந்துபோய் அவள் தூங்கும் அறை வாசலில் நிற்கும். பல்லவி அங்கே திரும்பத் தொடங்கும்போது அவள் கண் விழிக்கலாம்.